ஒரே பதிலுக்கு மூன்று மதிப்பெண்

வீட்டில் மனைவிக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் இருவருக்கும் சளி. மூவரும் படுத்திருக்கிறார்கள். வந்து பார்த்துக்கொள்ள உறவும் இல்லை, நண்பர்களும் இல்லை. இன்னும் மூன்று மணி நேரத்தில் உங்கள் ஷிப்ட் ஆரம்பம். என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவில் மர ஆலைத் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுக்க கேரி லேத்தமும் அவருடைய சகாக்களும் வகுத்த நேர்காணல் கேள்விகளில் இது ஒன்று. 1980-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வழியாக, இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கேள்வி ஆகிவிட்டது. கேள்வியில் பெரிய புதுமை எதுவும் இல்லை. புதுமை, கேள்விக்குக் கீழே இருந்த மூன்று வரிகளில் இருந்தது. 'குடும்பம்தான் முக்கியம், வீட்டிலேயே இருந்துவிடுவேன்' என்றால் 1 மதிப்பெண். 'மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்வேன்' என்றால் 3. 'வெறும் சளிதானே, வேலைக்கு வந்துவிடுவேன்' என்றால் 5. விண்ணப்பதாரர் ஒருவரும் அறைக்குள் வருவதற்கு முன்பே, எந்தப் பதிலுக்கு எத்தனை என்பது தாளில் எழுதப்பட்டுவிட்டது.

இதைப் படித்ததும் பலருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. போன் செய்து சொல்கிறவர்தானே பொறுப்பானவர், அவருக்கு ஏன் 3? ஆனால் அந்தக் கோபம் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். அந்த ஆலைக்கு ஆள் வராமல் போவதுதான் பெரிய தலைவலி என்பதும், அதற்கு அவர்கள் எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதும் தாளில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. சரியா தப்பா என்று நாம் சண்டை போட முடிகிறது. சாதாரண நேர்காணலில் இதே தீர்ப்பு கேட்பவரின் மனசுக்குள் நடந்து முடிந்துவிடும். 'ஆள் சரியாப் படலை' என்ற ஒற்றைச் சொல்லாக வெளியே வரும். அதோடு யார் சண்டை போடுவது?

அந்த மூன்று வரிகளை எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேள்விகள் கிடைப்பது சுலபம். கேட்கிற மூன்று பேரும் ஒரே பதிலுக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போடும்படி செய்வதுதான் பாடு.

பழக்கமான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நடுத்தர ஊரில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலை மாடிக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் மூவர்: முதலாளி, கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி, மேனேஜர், கொள்முதல் பார்க்கிறவர். ஆளுக்கொரு தாள். தோற்றம், தன்னம்பிக்கை, பேச்சுத்திறன், அனுபவம் என்று நாலு கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்து. முதலில் வந்த பெண்ணுக்குத் 'தன்னம்பிக்கை' கட்டத்தில் அண்ணாச்சி 8 போடுகிறார், மேனேஜர் 5, கொள்முதல்காரர் 6. மூவரும் நேர்மையானவர்கள், யாருக்கும் வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. பிறகு ஏன் இந்த இடைவெளி?

முதல் காரணம், அவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அண்ணாச்சி சொந்த ஊரைக் கேட்டார், மேனேஜர் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். இரண்டாவது, 'தன்னம்பிக்கை' என்ற சொல் மூவருக்கும் மூன்று பொருள். ஒருவருக்கு அது கண்ணைப் பார்த்துப் பேசுவது, இன்னொருவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. மூன்றாவதுதான் ரொம்பவும் நைசாக வேலை செய்வது. முதல் இரண்டு நிமிடத்தில் பிடித்துப்போனால், அந்தப் பிடித்தம் நாலு கட்டத்துக்கும் வழிந்துவிடும். அனுபவத்துக்குப் போடுகிற மதிப்பெண்ணில்கூட அவர் சிரித்த விதம் கலந்திருக்கும். நாலு கட்டத்தை நிரப்பியிருந்தாலும் உண்மையில் போட்டது ஒரே ஒரு மதிப்பெண்தான்.

இந்த வழிசலை அடைக்க ஓர் எளிய வழியைக் கண்டவர் டேனியல் கானமன். 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர் என்று பலருக்குத் தெரியும். 1955-இல் அவர் இஸ்ரேல் ராணுவத்தில் இருபத்தோரு வயது இளம் அதிகாரி, படித்தது உளவியல். புதிதாகச் சேரும் வீரர்களை நேர்கண்டு வகைப்படுத்தும் முறையைச் சீர்திருத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதுவரை நேர்காண்பவர்கள் கால் மணி, இருபது நிமிடம் பலதும் பேசி, பொதுவாக ஓர் அபிப்பிராயத்துக்கு வருவார்கள். அந்த அபிப்பிராயத்துக்கும் வீரர் பின்னால் எப்படி இருந்தார் என்பதற்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை என்று தெரிந்திருந்தது. கானமன் ஆறு குணங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்த சங்கதிகளைக் கேட்கும் கேள்விகளை எழுதினார். ஒரு குணத்துக்கு உரியதைக் கேட்டு, 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

நேர்காண்பவர்கள் கொதித்தார்கள். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். கானமன் ஒரு சமரசம் செய்தார்: ஆறையும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இவரை வீரராகக் கற்பனை செய்து பாருங்கள், ஏழாவதாக ஒரு மதிப்பெண் போடுங்கள். மாதங்கள் கழித்துப் படைப்பிரிவுத் தலைவர்களின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோது, ஆறு மதிப்பெண்களின் கூட்டு பழைய முறையைவிட நன்றாகவே கணித்திருந்தது. கண்ணை மூடிப் போட்டதும் அதற்குச் சளைக்கவில்லை. எனக்கு இதில் பிடித்தது, மனசுக்குப் பட்டதை அவர் தூக்கி எறியவில்லை என்பது. அதற்கு உரிய இடம் எது என்று சொன்னார்: கடைசி.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று இருந்தது. ஒவ்வொரு மாணவரோடும் பேசியது இரண்டு மூன்று நிமிடம்தான் என்பது குற்றச்சாட்டு. மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் சொன்னது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது. தராசு சரியில்லை என்றால் அதில் நிறுப்பதைக் குறைப்பது ஒரு தீர்வு. சிறு கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த வசதி கிடையாது. எழுத்துத் தேர்வு நடத்தி சூப்பர்வைசரைப் பிடிக்க முடியாது. தராசைத்தான் சரிசெய்தாக வேண்டும்.

ஜவுளிக்கடைக்கே திரும்புவோம். வேலையின் பெயரை எழுதி, 'நல்ல சூப்பர்வைசருக்கு என்னென்ன குணம் வேண்டும்?' என்று கேட்டால் நேர்மை, பொறுமை, தலைமைப் பண்பு என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியல் உலகத்தில் உள்ள எந்த வேலைக்கும் பொருந்தும்; அதனாலேயே இந்த வேலைக்குப் பயன்படாது. குணத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்கு வேலை செய்த உளவியலாளர் ஜான் ஃபிளானகன், 1954-இல் இந்த முறையை விரிவாக எழுதினார். வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களிடம், 'ஒருவர் நடந்துகொண்ட விதத்தால் காரியம் நன்றாக முடிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். கெட்டுப்போன ஒன்றையும் சொல்லுங்கள். என்ன நடந்தது, அவர் சரியாக என்ன செய்தார், விளைவு என்ன?' என்று கேட்பது. அவ்வளவுதான்.

நம் கடையில் பத்து வருஷமாக இருக்கும் சேல்ஸ்மேன்கள், பில் கவுண்டரில் இருப்பவர், பழைய சூப்பர்வைசர் எல்லோரிடமும் இப்படிக் கேட்டால் ஒரே நாளில் முப்பது நாற்பது சம்பவம் சேர்ந்துவிடும். ஒரு வாடிக்கையாளரைக் கவனித்தது யார் என்று இரண்டு சேல்ஸ்மேன்கள் இன்சென்டிவுக்காக மல்லுக்கு நின்றது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் லீவு போட்டது. சாயம் போன சேலையோடு ஒரு அம்மா வந்து கத்தியது. இவற்றைச் சீட்டுகளில் எழுதி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தால் நாலைந்து கட்டாகும். கட்டுக்குப் பெயர் வைப்பது அதற்குப் பிறகு.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது, தவறவிடக் கூடாதது. 1963-இல் பேட்ரீஷியா கெய்ன் ஸ்மித்தும் லோர்ன் கெண்டலும் செவிலியர்களின் வேலையை மதிப்பிட ஓர் அளவுகோல் செய்தபோது பயன்படுத்தியது. சீட்டுகளை எல்லாம் கலைத்து, இதுவரை சம்பந்தப்படாத வேறு சிலரிடம் கொடுத்து, 'எந்தச் சீட்டு எந்தக் கட்டு என்று நீங்கள் பிரியுங்கள்' என்பார்கள். பெரும்பாலானவர்கள் ஒரே கட்டில் போட்ட சீட்டு நிற்கும். ஆளுக்கொரு கட்டில் போட்டால் அந்தச் சீட்டைத் தூக்கிவிட வேண்டும். ஒரு கட்டே இப்படிச் சிதறிப்போனால், அந்தக் கட்டின் பெயர் வெறும் சொல் என்று அர்த்தம். 'தலைமைப் பண்பு' பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உதிரும். நம் கடையில் நிற்பவை இப்படி இருக்கும்: புகாரைக் கையாள்வது, ஆட்களுக்குள் வரும் தகராறைத் தீர்ப்பது, கூட்ட நாளில் ஆள் ஒதுக்குவது, சரக்கில் குறை கண்டால் என்ன செய்வது.

ஒன்றை மட்டும் கடைசி வரை செய்து பார்ப்போம். சாயம் போன சேலை.

முதலில் எழுதத் தோன்றும் கேள்வி: 'வாடிக்கையாளர் கோபமாகப் புகார் செய்தால் என்ன செய்வீர்கள்?' எட்டுப் பேரும் ஒரே பதில் சொல்வார்கள்: 'பொறுமையாக் கேட்டு, அவங்க மனசு கோணாம நடந்துக்குவேன்.' எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் விழுகிற கேள்வியால் யாரையும் பிரித்தறிய முடியாது. பதில் கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. அதனால் நியாயமான இரண்டு விஷயங்கள் ஒன்றையொன்று இடிக்கும்படி கேள்வியை மாற்ற வேண்டும். இப்படி:

'சனிக்கிழமை சாயங்காலம், மாடியில் கூட்டம். எட்டு நாளைக்கு முன் வாங்கிய காட்டன் சேலையோடு ஒரு அம்மா வருகிறார். ஒரு முறை துவைத்ததிலேயே சாயம் போய்விட்டது என்கிறார். பில் இருக்கிறது. துவைத்த துணியைக் கடை திரும்ப எடுப்பதில்லை என்று போர்டும் இருக்கிறது. அவர் சத்தம் போட, பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மேனேஜர் வெளியே போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?'

அடுத்து அளவுகோல். பல அலுவலகங்களில் இது '1 மோசம், 3 பரவாயில்லை, 5 மிக நன்று' என்று முடிந்துவிடும். அது அளவுகோல் ஆகாது. எது மோசம் என்பதை மறுபடியும் ஒவ்வொருவர் மனசுக்கே விட்டுவிடுகிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே, காதில் விழக்கூடிய ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில்கள் எங்கிருந்து வரும்? சீட்டுகளில் இருந்துதான். கடையில் நடந்தவற்றில் காரியத்தைக் கெடுத்தது எது, காப்பாற்றியது எது என்பது அங்கேயே இருக்கிறது.

நம் மூவரும் எழுதும் முதல் வடிவம்:

1 – போர்டைக் காட்டித் திருப்பி அனுப்புவேன் என்கிறார். அல்லது சத்தம் அடங்கட்டும் என்று அப்போதே பணத்தைக் கொடுத்துவிடுவேன் என்கிறார்.

3 – தனியாக உட்காரவைத்துக் கேட்டுக்கொள்வேன், மேனேஜர் வந்ததும் முடிவு சொல்கிறோம் என்பேன் என்கிறார்.

5 – தனியாக உட்காரவைத்து எப்படித் துவைத்தார் என்று கேட்பேன், அதே ரகத்தில் வேறு சேலையை ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்பேன், சாயம் ஒட்டினால் சேலையை மாற்றிக் கொடுத்து, மிச்சமிருக்கிற சரக்கை விற்பனையிலிருந்து எடுத்துவைப்பேன் என்கிறார்.

1-இல் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பதில்கள் இருப்பதைக் கவனியுங்கள். இது முக்கியம். கடுமையும் தாராளமும் அளவுகோலின் இரண்டு முனைகள் இல்லை. இரண்டுமே விசாரிக்காமல் எடுத்த முடிவு என்பதால் ஒரே இடத்தில் இருக்கின்றன. 2-க்கும் 4-க்கும் எதுவும் எழுதவில்லை. 3-ஐ விடக் கூடுதலாகவும் 5-க்குக் குறைவாகவும் இருந்தால் 4 என்று விட்டுவிடலாம். ஐந்துக்கும் எழுதினால் தாள் நீண்டு, நேர்காணலின்போது யாரும் படிக்க மாட்டார்கள்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால் பாதி வேலை வீணாகும். முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். பழைய சூப்பர்வைசரை விண்ணப்பதாரராக உட்காரவைத்து, ஒரு பதில் சொல்லச் சொல்கிறார்கள். அவர் சொல்கிறார்: 'அந்த அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போய் உட்காரவச்சு, தண்ணி குடுப்பேன். வேற சேல எடுத்துக்கோங்கம்மான்னுடுவேன். மேனேஜர் வந்தா நான் பேசிக்கிறேன்.'

மூவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போடுகிறார்கள். அண்ணாச்சி 5. மேனேஜர் 2. கொள்முதல்காரர் 3.

அளவுகோல் எழுதியும் இந்தக் கதியா என்று தோன்றும். ஆனால் ஒத்திகை நடத்துவதே இந்த 5-2-3 வெளியே வரத்தான். பேச்சு இப்படிப் போகும்.

'அந்தம்மா இனி நம்ம கடைய விட்டுப் போவாங்களா? இது போதும்யா' என்கிறார் அண்ணாச்சி.

'அண்ணாச்சி, நான் இல்லாத நேரத்துல ரெண்டாயிரம் ரூபா சேலைய அவங்களா மாத்திக் குடுத்தா, நாளைக்கு நீங்களே என்னத்தான கேப்பீங்க?' என்கிறார் மேனேஜர்.

'சேலைல குறையா, துவைச்சதுல குறையான்னு பாக்கவே இல்லீங்களே. குறை சரக்குல இருந்தா நான் மில்லுக்குத் திருப்பி அனுப்பணும்ல' என்கிறார் கொள்முதல்காரர்.

சண்டை விண்ணப்பதாரரைப் பற்றியதே இல்லை. சூப்பர்வைசர் தன் பொறுப்பில் எவ்வளவு ரூபாய் வரை முடிவெடுக்கலாம் என்று அந்தக் கடையில் யாரும் தீர்மானித்ததே கிடையாது. அதைத் தீர்மானிக்காமல் எட்டுப் பேரை அது சம்பந்தமாகக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட இருந்தார்கள். நேர்காணலில் தீர்ப்புகள் முரண்படும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. முக்கால்வாசி நேரம், வேலை கொடுப்பவர்களுக்கே அந்த வேலை என்ன என்பதில் ஒத்த கருத்து இருக்காது.

மூவரும் உட்கார்ந்து தீர்க்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் வரை சூப்பர்வைசரே முடிவு செய்யலாம், அதற்கு மேல் மேனேஜர். இது கேள்வியிலேயே ஒரு வரியாகச் சேர்கிறது: 'சேலையின் விலை 1,800 ரூபாய், உங்கள் பொறுப்பில் 500 ரூபாய் வரை முடிவு செய்யலாம்.' அளவுகோலும் மாறுகிறது. சேலையை மாற்றிக் கொடுப்பது 5-இலிருந்து போய்விடுகிறது. இன்ன நேரத்துக்குள் பதில் சொல்கிறேன் என்று குறிப்பாகச் சொல்லி, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்வது அந்த இடத்துக்கு வருகிறது.

இன்னொரு மாற்றம் மேனேஜர் சொன்னது. ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்பது துணிக்கடையில் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். பாத்திரக்கடையில் எட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர் வந்தால், இந்த ஒரு வரியாலேயே அவருக்கு 5 கிடைக்காது. அதை முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆகவே அந்த வரி, 'குறை சேலையிலா, துவைத்த விதத்திலா என்று கண்டுபிடிக்க ஏதாவது ஒரு வழி சொல்கிறார்' என்று மாறுகிறது. அளவுகோல் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளக் கூடியதை, வரும்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறோமா?

மறுபடி ஒத்திகை, வேறு பதில். இந்த முறை 4, 4, 3. இது போதும். மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மதிப்பெண் முன்னே பின்னே இருப்பது இயல்பு. இரண்டு, அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் நின்று பார்க்க வேண்டும். கேள்விக்கு இரண்டு மூன்று ஒத்திகைப் பதில் போதுமானது.

நேர்காணல் நாளில் செய்ய வேண்டியது குறைவு. ஆனால் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐந்தோ ஆறோ கேள்வி, எல்லோருக்கும் அதே வரிசையில், அதே வார்த்தைகளில். கேள்வியை அச்சிட்டு விண்ணப்பதாரர் கையிலும் ஒரு தாள் கொடுத்துவிடுவது நல்லது; நீளமான கேள்வியை நினைவில் வைத்திருக்கும் சக்தியை நாம் சோதிக்கவில்லை. துருவிக் கேட்பதற்கும் முன்பே எழுதிவைத்த இரண்டு வாக்கியம்தான்: 'அப்புறம் என்ன செய்வீங்க?', 'ஏன் அப்படி?' இதில் தவறுவது சுலபம். பிடித்த ஆள் பாதியில் நின்றால், 'சேலைய செக் பண்ணுவீங்களா?' என்று நம்மை அறியாமல் எடுத்துக்கொடுத்துவிடுவோம். அவர் 'ஆமா சார்' என்பார். அந்த 5 நமக்கு நாமே போட்டுக்கொண்டது.

ஒவ்வொருவரும் பதிலைக் கேட்கும்போதே அவர் சொன்ன வார்த்தைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'நல்ல பதில்' என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது. 'உட்காரவைப்பேன் – ஆறு மணிக்குள்ள போன் – நம்பர் வாங்குவேன்' என்பது குறிப்பு. மூவரும் எழுதி முடிக்க அரை நிமிடம், மதிப்பெண் அப்போதே, அதன் பிறகே அடுத்த கேள்வி. விண்ணப்பதாரர் வெளியே போனதும் அண்ணாச்சி 'எனக்குப் பிடிச்சிருக்குப்பா' என்று முதலில் வாயைத் திறந்தால், மேனேஜரின் பேனா தானாக ஒரு எண் மேலே போகும். முதலாளியின் முகம் சுளித்தாலும் அதே கதை. அதனால் எல்லாத் தாள்களையும் வாங்கி வைத்த பிறகுதான் பேச்சு. பேசும்போது இரண்டு எண் வித்தியாசம் உள்ள இடங்களை மட்டும் எடுத்து, குறிப்பை வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்டது இன்னொருவர் காதில் விழாமல் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். 'எனக்கென்னமோ அப்படித் தோணுது' என்பதற்காக மாற்றக் கூடாது. தோன்றுவதற்கும் இடம் உண்டு: எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு, தனிக் கட்டத்தில் ஓர் எண்.

எட்டுப் பேரும் முடிந்ததும் மதிப்பெண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் தாளே பல சேதி சொல்லும். ஒரு கேள்விக்கு எல்லோருமே 4 வாங்கியிருந்தால், அந்தக் கேள்வி யாரையும் பிரிக்கவில்லை. அடுத்த தடவை அதை எடுத்துவிட வேண்டும். ஒரு விண்ணப்பதாரருக்கு ஒருவர் ஐந்து கேள்விக்கும் 5 போட்டு, மற்ற இருவரின் மதிப்பெண் ஏறி இறங்கியிருந்தால், அந்த ஒருவர் பதிலுக்குப் போடவில்லை, ஆளுக்குப் போட்டிருக்கிறார். யாருக்குமே 3-ஐத் தாண்டாமல், 3-க்குக் கீழும் போகாமல் போட்டிருப்பவர் தாளைப் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் மேனேஜர் ஒரு எண் குறைத்துப் போட்டிருந்தால் அதில் ஆபத்து இல்லை, ஏனென்றால் எட்டுப் பேருக்கும் அது ஒன்றுபோலக் குறைகிறது. ஆனால் நாலு பேரை மேனேஜரும் மற்ற நாலு பேரை அண்ணாச்சியும் தனித்தனியாகப் பார்த்திருந்தால், அதுவே அநியாயமாகிவிடும். விண்ணப்பதாரர் எந்த அறைக் கதவைத் தட்டினார் என்பது வேலையைத் தீர்மானித்துவிடும்.

இவ்வளவும் செய்தால் சரியான ஆள் கிடைத்துவிடுவாரா? அளவோடு நம்ப வேண்டும். பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பின்னால் வேலையில் தெரிந்த திறமைக்கும் உள்ள தொடர்பு, இப்படி வரையறுத்த நேர்காணலுக்கு 0.42, வாய்க்கு வந்ததைப் பேசும் நேர்காணலுக்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. இரண்டு மடங்குக்கு மேல் என்பது பெரிய லாபம்தான். 1-க்கு அது இன்னும் எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டும். சொல்லத் தெரிந்தவர் எல்லோரும் செய்யத் தெரிந்தவர் இல்லை. செய்யத் தெரிந்தும் சொல்ல வராதவர் உண்டு. 'என்ன செய்வீர்கள்' என்பதோடு, 'இதுபோல நடந்தபோது என்ன செய்தீர்கள்' என்று பழைய அனுபவத்தைக் கேட்கும் கேள்வி ஒன்றிரண்டைக் கலப்பது இதற்காகத்தான். கேள்விகள் வெளியே கசிவதும் நடக்கும். எட்டுப் பேரும் ஒரே நாளில் வந்து வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நாலாவது ஆளுக்குக் கேள்வி தெரிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மூவரும் ஒன்றுபோலத் தவறுவது. ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு. கோணலான அளவுகோலை வைத்து மூன்று பேர் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். இது நேர்காணல் அறையில் தெரியாது. வேலைக்கு எடுத்து ஆறு மாதம் கழித்து, பழைய தாளை எடுத்து, எந்தக் கேள்வியில் வாங்கிய மதிப்பெண் மாடியில் நடந்ததோடு பொருந்தியது என்று பார்த்தால் தெரியும்.

நம் கடையில் அப்படி ஒன்றைப் பார்க்கலாம். இன்சென்டிவுக்காக இரண்டு சேல்ஸ்மேன்கள் மல்லுக்கு நிற்கும் கேள்விக்கு, 'இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பேன்' என்பதை 5-க்கு எதிரே எழுதியிருந்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. வேலைக்கு வந்த பெண் அதில் மூவரிடமும் 5 வாங்கியவர், சொன்னபடியே செய்தார். இரண்டு மாதத்தில் மாடியில் ஒரு வாடிக்கையாளர் வந்தால் நாலு சேல்ஸ்மேன்கள் சூழ்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். பக்கத்தில் நின்று ஒரு சேலையை விரித்துக் காட்டினாலே பாதி கிடைக்கிறதே. அந்தப் பெண்ணே ஒரு நாள் மேனேஜரிடம் வந்து, 'சார், முதல்ல யார் கூப்பிட்டாங்களோ அவங்க பேர பில்லுல எழுதிடலாம். இல்லன்னா இது நிக்காது' என்றார்.

மேனேஜர் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். 5-க்கு எதிரே இருந்த வரியைப் பேனாவால் அடித்து, 2-க்கு எதிரே எழுதினார். 5-க்கு எதிரே அந்தப் பெண் சொன்னதை எழுதி, ஓரத்தில் தேதி போட்டார்.